பன்றிக் கொட்டிலின் வாசல்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் குறித்து நூறாண்டு விடைகள்

கென்யாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் தம் நாட்டுப் பன்றிகளை அங்கே கொண்டுபோய் வளர்த்தபோது, அவை மந்தை மந்தையாகச் செத்தன. அதே புல்வெளியில் மேய்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியான வார்த்தாகுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூஸ்டஸ் மான்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் 1921-இல் இதை விரிவாக எழுதினார். காட்டுப்பன்றி நோயின்றி வைரஸைச் சுமக்கிறது, வீட்டுப்பன்றி அதனிடமிருந்து வாங்கிச் சாகிறது என்பது அவர் முடிவு. ஆகவே பன்றியை அவிழ்த்துவிடாமல் வேலிக்குள் வைத்து வளர்க்கச் சொன்னார். அந்த அறிவுரை அங்கே பலித்தது.

நூறாண்டு கழித்தும் மருத்துவர்களின் முதல் அறிவுரை ஏறக்குறைய அதுவே. ஆனால் வேலிக்குள் அடைத்து வளர்த்த பண்ணைகளிலும் நோய் புகுந்துகொண்டுதான் இருக்கிறது. 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் இந்தியாவின் முதல் தொற்று உறுதியானது. 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகளுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளில் தெரிந்தது. 2024 அக்டோபரில் இலங்கையிலும் உறுதியானது. வாசலைப் பூட்டிய பண்ணைக்குள் வைரஸ் எப்படி வருகிறது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வேறு வேறு விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் தடுமாறுகிறது.

முதலில் ஒரு தெளிவு. 2009-இல் மனிதரிடையே பரவிய பன்றிக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது இன்ஃபுளுயன்ஸா. இந்த நோய் மனிதரைத் தொற்றாது. பன்றிகளுக்கே நெடுங்காலமாக வரும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலும் வேறு வைரஸால் வருவது. அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. பண்ணையாளர் பலர் அந்த ஊசியைப் போட்டுவிட்டு, இதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. இரண்டு நோய்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், எந்த நோய் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

மருந்து ஏன் இல்லை

இந்த வைரஸ் தன் குடும்பத்தில் தனித்து நிற்பது. பெரும்பாலான வைரஸ்களுக்குப் பத்து, பதினைந்து மரபணுக்கள் இருந்தால், இதற்கு 150-க்கும் மேல் உண்டு. அவற்றுள் கணிசமானவை பன்றியின் நோய் எதிர்ப்பை ஏமாற்றுவதற்காகவே இருக்கின்றன. அது குடியேறும் இடமும் விசேஷமானது. நுழையும் கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் எனும் காவல் அணுக்களுக்குள்தான் பெருகுகிறது. சாதாரணமாக எதிரணுக்கள் வைரஸைச் சூழ்ந்து ஒட்டி, அணுவுக்குள் நுழையவிடாமல் முடக்கும். இங்கே எதிரணுக்கள் உருவாகின்றன, ஆனால் அவை முழுமையாக முடக்குவதில்லை. பிழைத்த பன்றியின் ரத்த நீரை இன்னொரு பன்றிக்கு ஏற்றிக் காப்பாற்றுவதும், செயலிழக்கச் செய்த வைரஸைத் தடுப்பூசியாகப் போடுவதும் இதனால்தான் ஏமாற்றம் தந்தன.

காலமும் குறைவு. காய்ச்சல் தெரிந்த ஒரு வாரத்துக்குள் பன்றி செத்துவிடுவது வழக்கம். ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வைரஸை அடக்கும் சேர்மங்கள் பல இருந்தும், உயிருள்ள பன்றியைக் குணப்படுத்தியதாக உறுதிபெற்ற மருந்து ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று கிடைத்தாலும் அதைக் கொடுக்க அரசுகள் ஒப்புமா என்பதே ஐயம். பிழைக்கும் பன்றி பல வாரங்கள் வைரஸை வெளியேற்றக்கூடும் என்பதால், அதை வைத்துப் பார்ப்பது பக்கத்துப் பண்ணைக்கு ஆபத்து. எனவே ‘மருந்து இல்லை’ என்பதில் பாதி உயிரியல், பாதி கொள்கை.

தடுப்பூசியின் கதை இன்னும் சிக்கலானது. 1960-களில் போர்ச்சுகலில் வீரியம் குறைத்த உயிர் வைரஸை ஏராளமான பன்றிகளுக்குப் போட்டார்கள். சாவு குறைந்தது, ஆனால் மூட்டு வீக்கம், தோல் புண், நுரையீரல் கோளாறு என நாள்பட்ட நோயுடன் வைரஸைச் சுமக்கும் பன்றிகள் பெருகின. அந்தக் கசப்பு ஒரு தலைமுறைக்கு ஆராய்ச்சியையே தயங்க வைத்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மரபணுவை நீக்கி உருவாக்கிய வைரஸைக் கொண்டு வியட்நாம் 2022 ஜூனில் தடுப்பூசிக்கு உரிமம் வழங்கியது. சில வாரங்களிலேயே, பரிந்துரைக்காத வகையிலும் போடப்பட்ட இடங்களில் பன்றிகள் செத்ததால் நிறுத்தி வைத்தது. 2023-இல் அங்கே மீண்டும் தடுப்பூசி வணிக விற்பனைக்கு வந்தது. சினைப் பன்றிக்குப் பாதுகாப்பானதா, பன்றியிலிருந்து பன்றிக்குத் தாவித்தாவி வீரியத்தை மீட்டுக்கொள்ளுமா, ஊசி போட்ட பன்றியையும் நோய்ப்பட்ட பன்றியையும் சோதனையில் பிரித்தறிய முடியுமா என்ற கேள்விகளுக்கு எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் இல்லை. சீனாவில் இரண்டு மரபு வகைகள் கலந்து உருவான புதிய வைரஸ்கள் 2023-இல் அறிவிக்கப்பட்டன. இன்றைய ஊசிகள் அவற்றுக்குப் போதுமானவையாகத் தெரியவில்லை.

நோய் வந்த பண்ணையில் ஊசி, மருந்து என்று செய்யும் முயற்சி நோயையே பரப்பும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நோய் உச்சத்தில் இருக்கும் பன்றியின் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கான வைரஸ் இருக்கும். காய்ச்சல் பன்றிக்கு ஆன்டிபயாட்டிக் போட்ட ஊசியாலேயே அடுத்த கொட்டிலுக்கும் போட்டால், வைரஸே நேரடியாக ஏற்றப்படுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று மூன்று நாள் தொடர்ந்து போடுபவர் மூன்று முறை பரப்புகிறார்.

எச்சில் உணவு: பழைய விடை

1957-இல் நோய் முதன்முறையாக ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்தது. லிஸ்பன் விமான நிலையத்தருகே, விமானங்களில் மிஞ்சிய உணவைத் தின்ற பன்றிகளில் அது வெளிப்பட்டது. 1960-இல் மீண்டும் வந்து, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதிலிருந்து மீள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2007-இல் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் கப்பல் கழிவு அதே வேலையைச் செய்தது என்பது பரவலான கருத்து. அங்கே புறப்பட்ட மரபு வகைதான் ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, 2018 ஆகஸ்டில் சீனா என்று நடந்து நம் பக்கம் வந்தது. பல இடங்களில் கடத்தியது பன்றி இறைச்சி. உறைந்த இறைச்சியில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் தாங்கும். சமைக்காமல் உப்பிட்டு உலர்த்திய தொடைக்கறியிலும் மாதக்கணக்கில் தாங்கும்.

இதனால் எழுந்த முதல் நிலைப்பாடு, ஓட்டல் கழிவைப் பன்றிக்குப் போடவே கூடாது என்பது. ஐரோப்பிய ஒன்றியம் தடையே விதித்தது. தடையின் பலவீனம் பண்ணையின் கணக்கில் இருக்கிறது. பன்றி வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனம். ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபம் ஆகியவற்றின் மிச்சத்தை நம்பித்தான் நம் பக்கத்தில் பல சிறு பண்ணைகள் ஓடுகின்றன. தடை போட்டால் அது நின்றுவிடாது, ராத்திரியில் வரும். கண்காணிக்கக்கூடியதாக இருந்தது கண்காணிக்க முடியாததாக ஆகும்.

இரண்டாவது நிலைப்பாடு, கொதிக்க வைத்துப் போடு என்பது. உலக விலங்கு நல அமைப்பின் வழிகாட்டுதல் தெளிவானது: தொடர்ந்து கிளறியபடி, குறைந்தது 90 டிகிரியில் 60 நிமிடம். வைரஸ் 60 டிகிரியிலேயே சுமார் 20 நிமிடத்தில் செயலிழக்கும். அப்படியிருக்க இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். ஆய்வகத்தில் சூடாக்குவது தெளிந்த திரவத்தை. பண்ணையில் கிடப்பது 200 லிட்டர் பீப்பாய், அடியில் விறகு. மேலே நுரை பொங்கும்போது நடுவில் புதைந்த எலும்புக்கறிக் கட்டியின் உள்ளே இன்னும் இளஞ்சூடுதான். கிளறாத இடத்தில் அடி பிடிக்கும். அந்தப் பயத்தில் சீக்கிரம் இறக்குவார்கள். இன்னொரு ஓட்டை அதைவிடச் சாதாரணமானது. பச்சைக் கழிவு வந்த வாளியிலேயே வெந்ததை அள்ளி ஊற்றுவது. கழிவு வண்டி கொட்டிலின் வாசல்வரை வருவது. கொதிக்க வைத்தும் வந்துவிட்டதே என்று சொல்லும் பண்ணைகளில் முதலில் பார்க்க வேண்டியது அடுப்பை அல்ல, வாளியை.

பன்றி இறைச்சி கலக்காத காய்கறி, சோற்றுக் கழிவை மட்டும் வாங்குவது சிலர் சொல்லும் நடுவழி. தனியாகப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் ஓட்டல் சமையலறையை யார் சோதிப்பது என்பதில் அது நின்றுபோகிறது.

கம்பெனித் தீவனமும் குற்றவாளியா

எச்சில் உணவைத் தொடாத பெரிய பண்ணைகளிலும் நோய் வந்தபோது சந்தேகம் சோயாப் புண்ணாக்கு, சோளம் போன்ற தீவன மூலப்பொருள்கள் மேல் திரும்பியது. கடல் கடந்து செல்லும் 30 நாளின் வெப்பத்தையும் ஈரத்தையும் போலிசெய்த அமெரிக்க ஆய்வு, சில மூலப்பொருள்களில் வைரஸ் தாங்குவதை 2018-இல் காட்டியது. அடுத்த ஆண்டு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எவ்வளவு வைரஸ் உள்ளே போனால் நோய் வரும் என்று அளந்தார்கள். திரவத்தில் கலந்து குடித்தால் மிகச் சிறிய அளவே போதும். உலர் தீவனத்தில் தின்றால் அதைப்போல் 10,000 மடங்கு தேவைப்பட்டது. உலர் தீவனம் அப்படியானால் பாதுகாப்பானது என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். மாசுபட்ட தீவனத்தை ஒரு பன்றி ஒரு நாள் தின்றால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 10 பன்றி 60 நாள் தின்றால், ஏதாவது ஒன்றுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம். 50 பன்றி தின்றால் ஏறக்குறைய 26 சதவீதம். 1,000 பன்றி தின்றால் தப்பிக்கவே வழியில்லை, 99 சதவீதத்துக்கு மேல். பத்தாயிரத்தில் ஒன்று என்பது நானே எடுத்துக்கொண்ட எண். கணக்கின் போக்கைத்தான் கவனிக்க வேண்டும். நாளும் தலையும் பெருகப் பெருக அற்ப வாய்ப்பு உறுதியாகிறது, ஒன்றுக்கு வந்தால் போதும், மற்றவற்றுக்கு அதுவே கொடுக்கும்.

இந்த வாதத்தின் பலவீனம் களத்தில் இருக்கிறது. தீவனத்தில் வைரஸ் தாங்கும் என்பது ஆய்வகத்தில் உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட பண்ணைக்குத் தீவனமூட்டையில்தான் வந்தது என்று ஐயமற நிறுவப்பட்ட நிகழ்வுகள் அரிது. மூட்டைக்குள் இருந்ததா, மூட்டையின் வெளிச் சாக்கில் இருந்ததா, அதை இறக்கியவரின் செருப்பில் இருந்ததா என்று பின்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. தீவனத்தை வந்ததும் போடாமல் சில வாரம் ஒதுக்கி வைப்பது செலவு குறைந்த முன்னெச்சரிக்கை. ஆனால் சிறு பண்ணையில் அதற்கு இடமும் இருக்காது, முன்பணமும் இருக்காது.

வருபவர், போகிறவர்

2018 நவம்பரில் சீன வேளாண் அமைச்சகம் தன் முதல் விசாரணைகளின் தொகுப்பை வெளியிட்டது. ஆராய்ந்த 68 தொற்றுகளில் ஏறக்குறைய 46 சதவீதம் கிருமி நீக்காத வண்டிகளாலும் ஆட்களாலும், 34 சதவீதம் எச்சில் உணவால், 19 சதவீதம் உயிர்ப்பன்றியும் இறைச்சியும் இடம் பெயர்ந்ததால் என்றது. இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. நோய் வெளிப்பட்ட பிறகு பண்ணையாளரைக் கேட்டுத் தொகுத்தவை அவை. தடை மீறிக் கழிவு போட்டவர் வண்டியைக் காட்டுவதுதான் இயல்பு. ஆயினும் ஆட்களும் வண்டிகளும் முன்வரிசையில் நிற்பது வேறு நாடுகளின் விசாரணைகளோடும் ஒத்துப்போகிறது.

யார் அந்த ஆட்கள்? விலை பேச வரும் வியாபாரி, ஒரே நாளில் ஐந்து பண்ணை பார்க்கிறவர். கறிக்கடைக்காரர், அவர் வண்டித் தட்டில் உறைந்த ரத்தம். இனச்சேர்க்கைக்கு இரவல் வரும் ஆண் பன்றி. ஊசி போட வரும் மருத்துவரும் விதிவிலக்கல்ல. பக்கத்துப் பண்ணையில் பன்றி செத்திருக்கிறதாமே என்று பார்க்க வரும் உறவினரும்தான். இந்த வைரஸ் காற்றில் வெகுதூரம் பறப்பதில்லை. அது ஒட்டிக்கொண்டு வருவது ரத்தத்திலும் சாணத்திலும் மண்ணிலும், அதாவது செருப்பிலும் சக்கரத்திலும்.

இதற்குப் பண்ணைகள் வழக்கமாகச் செய்வது வாசலில் ஒரு தொட்டி கட்டி மருந்து நீர் ஊற்றுவது. அதில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். பயன் மிகக் குறைவு. குளோரின் கரைசலோ காஸ்டிக் சோடாவோ வைரஸை அழிக்க உலக விலங்கு நல அமைப்பு சொல்லும் நேரம் 30 நிமிடம். கால் நனைவது இரண்டு நொடி. சேறும் சாணமும் தொட்டியில் கலந்ததும் குளோரின் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. தொட்டியை விடச் சிறந்தது வாசலில் குறுக்கே ஒரு பெஞ்சு. வெளிச்செருப்பை இந்தப் பக்கம் கழற்றி, பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கி, அந்தப் பக்கம் பண்ணைக்கென்றே இருக்கும் பூட்ஸைப் போட்டுக்கொள்ள வேண்டும். வியாபாரிக்கு அந்த பூட்ஸும் வேண்டாம். விற்கும் பன்றியை வேலிக்கு வெளியே ஓட்டிக் கொண்டுபோய் ஏற்றினால் அவர் உள்ளே வரவே தேவையில்லை. இரண்டுக்கும் செலவு அதிகமில்லை. கடினம் வேறிடத்தில். பெரிய வியாபாரியிடம் உள்ளே வராதீர்கள் என்று சொல்லச் சிறு பண்ணையாளருக்கு வாய் வராது, ஏனென்றால் அடுத்த மாதம் அவரிடம்தான் முன்பணம் வாங்க வேண்டும்.

ஐரோப்பாவில் நல்ல ஒழுங்குள்ள பண்ணைகளிலும் கோடையில் தொற்று கூடுவது ஒரு புதிர். கடிக்கும் தொழுவ ஈக்கள் ஒன்றிரண்டு நாள் வைரஸைச் சுமக்கும் என்பதும், அவற்றை விழுங்கிய பன்றிக்கு நோய் வரக்கூடும் என்பதும் சோதனையில் தெரிந்தவை. பண்ணைக்குப் பண்ணை பரப்புவதில் அவற்றின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகவில்லை.

முதல் சாவுக்குப் பின்

இந்த நோய் வந்தால் ஒரே நாளில் பண்ணை காலியாகும் என்பது பொதுவான படம். அப்படி நடப்பது கடைசியில்தான். நோய்ப்பட்ட பன்றி சாவது ஏறக்குறைய நிச்சயம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவது, கோமாரியோடு ஒப்பிட்டால், மெதுவானது. பண்ணை தவறு செய்வது இந்த மெதுவான நாள்களில்தான்.

ஆறு கொட்டிலில் 60 பன்றி உள்ள ஒரு பண்ணையை நினைத்துப் பார்க்கலாம். ஒரு தாய்ப்பன்றி மாசுபட்ட கழிவைத் தின்கிறது. ஐந்தாம் நாள் தீனி எடுக்காமல் படுக்கிறது. காய்ச்சல் 41 டிகிரி. மற்ற 59-ம் ஓடித் திரிகின்றன. ஆன்டிபயாட்டிக் போடுகிறார்கள், ஒரு நாள் எழுந்ததுபோல் தெரிகிறது, பத்தாம் நாள் செத்துவிடுகிறது. காதும் வயிறும் செந்நீலம் பாரித்திருக்கலாம், பாரிக்காமலும் இருக்கலாம். பெரிய பன்றி ஒன்று போனது, விஷமோ வெயிலோ என்று விட்டுவிடுகிறார்கள். அதே கொட்டிலில் இருந்த இரண்டு மூன்று பதினைந்தாம் நாளை ஒட்டிப் படுக்கின்றன. அப்போதுதான் பயம் வருகிறது, பயம் வந்ததும் நல்லாயிருக்கும் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். அவற்றுள் சில காய்ச்சல் தெரியாமல் வைரஸைச் சுமப்பவை. உகாண்டா முதல் வியட்நாம் வரை பல நாடுகளில் நோயை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது இந்த அவசர விற்பனை.

ஆகவே எத்தனை செத்தன என்று எண்ணிக்கொண்டிருப்பது நல்ல அளவுகோல் அல்ல. ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத கடும் காய்ச்சலும், குட்டியை விட்டுவிட்டுப் பெரிய பன்றியில் வரும் சாவும் சேர்ந்தாலே போதும். உடனே கூடவிருந்தவற்றுக்கெல்லாம் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கழுவித் துடைத்து. இன்னும் ஒன்றிரண்டுக்கு 40.5-க்கு மேல் இருந்தால் அந்த நிமிடமே விற்பனையை நிறுத்தி, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். செத்ததை அறுத்துப் பார்க்கக் கூடாது. வீங்கிக் கறுத்த மண்ணீரலும் ரத்தம் கட்டிய நிணநீர்க் கணுக்களும் தெரியும்தான். ஆனால் அந்த அறுவையில் சிந்தும் ரத்தம் மொத்தக் கொட்டிலுக்கும் போதும். மாதிரியை மருத்துவர் எடுப்பார். உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம்.

உறுதியானால் என்ன செய்வது என்பதில்தான் நிலைப்பாடுகள் முட்டிக்கொள்கின்றன. இந்தியாவின் 2020 செயல்திட்டம் நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டரை நோய்ப் பகுதியாக்கி, அதிலுள்ள பன்றிகளைக் கொன்று புதைக்கவும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கவும் சொல்கிறது. இழப்பீடு எடைக்கேற்பத் தரப்படுகிறது. பரவலின் வேகத்தை உடைக்க இதைவிட உறுதியான வழி தெரிந்ததில்லை. அதன் எல்லையை ஹெய்ட்டி காட்டியது. 1979-இல் அங்கே நோய் வந்தபின் நாட்டின் கிரியோல் பன்றிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. நோய் ஒழிந்தது, ஏழைக் குடியானவரின் சேமிப்பும் ஒழிந்தது. பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பன்றிகளுக்கு வாங்கிப்போடும் தீவனமும் நல்ல கொட்டிலும் வேண்டியிருந்தன. மறுபுறம் ஸ்பெயின் 1985 முதல் நடமாடும் மருத்துவக் குழுக்கள், ரத்தப் பரிசோதனை, உடனடி இழப்பீடு, பண்ணையாளர் சங்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்து நடத்தி 1995-இல் நோயிலிருந்து விடுபட்டது. ஸ்பெயினிலும் கொன்றார்கள், ஆனால் சொன்னவருக்குப் பணம் கைக்கு வந்தது.

சீனப் பெரும் பண்ணைகள் சில மூன்றாவது வழியை எடுத்தன. சொத்தைப் பல்லை மட்டும் பிடுங்குவதுபோல், நோய்ப்பட்ட பன்றியையும் அதை அடுத்தவற்றையும் மட்டும் நீக்கி மீதியைக் காப்பது. வைரஸ் மெதுவாகப் பரவுவதால் அது சாத்தியமே. ஆனால் தினந்தோறும் ஆய்வகச் சோதனையும், கொட்டிலுக்கு ஒரு ஆளும், திடச் சுவரும் வேண்டும். கம்பித் தடுப்பும் ஒரே சாக்கடையும் உள்ள நம் பண்ணையில் இதைச் செய்யப் போனால், அது நோயை மறைத்து வைப்பதாகவே முடியும்.

காலியான பண்ணையில் மறுபடி எப்போது ஏற்றுவது என்பதற்கு வழக்கிலுள்ள விடை: கழுவி, கிருமி நீக்கி, வாரக்கணக்கில் காலியாக விட்டு, பிறகு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு பன்றியை எல்லாக் கொட்டிலிலும் விட்டு ஆறு வாரம் பார்ப்பது. கழுவும் வேலைதான் இதில் அதிகம் தவறுவது. விரிசல் விட்ட தரையும் மரத் தடுப்பும் எதனாலும் சுத்தமாவதில்லை. மரத்தை எரித்துவிட்டு, தரையைப் பூசுவதே வழி.

தீராதவை

மூன்று கேள்விகளுக்கு இன்னும் விடை உறுதியில்லை. பிழைத்த பன்றி எவ்வளவு காலம் பிறவற்றுக்குக் கொடுக்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிறு பண்ணையில் பாதி பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்பவருக்கு இதற்கான பதில் அவசரமானது. தடுப்பூசி வந்தால் அழிப்புக் கொள்கை தளருமா, அல்லது ஊசி போட்ட பண்ணையில் மெல்லப் புழங்கும் வைரஸ் கண்ணில் படாமல் போய்விடுமா என்பது இரண்டாவது. போர்ச்சுகல் அனுபவத்தைப் பார்த்தால் பின்னதற்கே அஞ்ச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. ஆசிய, ஐரோப்பியக் காட்டுப்பன்றி வார்த்தாகைப் போல் வைரஸைத் தாங்குவதில்லை, அதுவும் சாகிறது. செத்த உடல் காட்டில் கிடக்க, மற்றவை வந்து முகர்ந்து நோயை வாங்குவதால் ஐரோப்பாவில் அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. செக் குடியரசும் பெல்ஜியமும் வேலியிட்டு, பிணங்களைத் தேடி எடுத்து, வேட்டையை ஒழுங்குபடுத்தி ஒழித்தன. அங்கே குளிரில் பிணம் வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும். முதுமலை வெப்பத்தில், கழுதைப்புலியும் செந்நாயும் உள்ள காட்டில், அது சில நாளில் காணாமல் போகும். அதனால் தொற்றுச் சங்கிலி தானாக அறுந்துவிடுமா, அல்லது காட்டோரப் பண்ணைகள் வீசும் கழிவிலிருந்து அவ்வப்போது புதிதாகப் போய்க்கொண்டே இருக்குமா என்பதை அறிய, செத்த காட்டுப்பன்றிகளிலும் அருகிலுள்ள பண்ணைகளிலும் எடுத்த வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாக வேண்டும்.